ஊருக்குக் கொண்டுபோகும் சின்னக் குப்பி ஏன் நாறுகிறது?

ரயில்பெட்டி | ஜூன் 8, காலை 7.15

சென்னையில் வேலை, வீடு மீனாட்சிபுரம். மாதம் இரண்டு முறை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து போகிறேன். ஷாம்பு, முகம் கழுவும் ஜெல், கைகால்களுக்குப் போடும் லோஷன் மூன்றையும் 60 மில்லி பிளாஸ்டிக் குப்பிகளில் நிரப்பிக்கொள்வேன். குறையக் குறையப் பெரிய பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம். இரண்டு மாதமாக ஷாம்புக் குப்பியைத் திறந்தால் ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தது போல் வாடை வருகிறது. பெரிய பாட்டிலில் அந்த வாடை இல்லை. கிருமியாக இருக்கும் என்று கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன். குப்பி வாடிய பனங்கிழங்காகச் சுருங்கிவிட்டது. மட்டமான குப்பி என்பது என் முடிவு. எந்தக் குப்பி வாங்கலாம், சொல்லுங்கள்.

ஆய்வகத்தான் | ஜூன் 8, காலை 10.40

குப்பி மட்டமானதில்லை. அடியைத் திருப்பிப் பாருங்கள், முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக் அது. எழுபது எண்பது டிகிரிச் சூட்டிலேயே தளர்ந்துவிடும், கொதிநீரை எங்கே தாங்கும்? 5 என்று இருந்தால் தாங்கும்.

அது கிடக்கட்டும். குறையக் குறைய ஊற்றிக்கொள்வேன் என்றீர்களே, அந்தக் குப்பியை ஒருமுறையாவது முழுதாகக் காலி செய்து கழுவிக் காயவைத்தது உண்டா?

ரயில்பெட்டி | ஜூன் 8, பகல் 1.05

இல்லை. ஷாம்பு என்பதே கழுவும் பொருள்தானே, அதை வைத்த குப்பியை எதற்குக் கழுவ வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

டவுன் வெயில் | ஜூன் 8, பகல் 2.20

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? குப்பியைக் கழுவி மொட்டைமாடியில் வைத்தால் போதும். நம் ஊர் வெயிலில் எந்தக் கிருமி பிழைக்கும்? அப்படியும் சந்தேகம் என்றால் மருந்துக்கடையில் 99 சதவீத ஸ்பிரிட் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றி ஊற்றிவிடுங்கள். எவ்வளவு சதவீதமோ அவ்வளவு வீரியம்.

ஆய்வகத்தான் | ஜூன் 8, இரவு 9.30

டவுன் அண்ணாச்சி சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதி எது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. வெயில் குப்பியைக் காயவைக்கும், அது பெரிய உதவி. கிருமியைக் கொல்வது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். அதில் வலுவான பங்கைக் குப்பியின் பிளாஸ்டிக்கே தடுத்துவிடும், மூடியின் இடுக்குக்குள் கதிர் நுழையவும் வழியில்லை. எனவே வெயில் என்பது காயவைக்க மட்டும்.

ஸ்பிரிட் கணக்கு தலைகீழ். 70 சதவீதம்தான் நன்றாகக் கொல்லும். கிருமியின் புரதம் சிதைவதற்குத் தண்ணீரும் கூட இருந்தாக வேண்டும். 99 சதவீதமோ வேலையை முடிக்கும் முன்பே ஆவியாகிவிடுகிறது. கையில் 99 இருந்தால் அதில் ஏழு பங்குக்கு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் மூன்று பங்கு சேருங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம்.

இனி என் கதை. பாளையங்கோட்டையில் ஆய்வக வேலையில் 27 வருடம் கழித்தவன் நான். இந்த விஷயத்தில் முதலில் அசடு வழிந்தவனும் நானே. சாரல் காலத்தில் வாரம் ஒருமுறை குற்றாலம் போய்க்கொண்டிருந்தபோது 60 மில்லிக் குப்பி ஒன்றில் ஷாம்பு வைத்திருந்தேன். பதினான்கு மாதம் அதே குப்பி, தீரும் முன்பே ஊற்றிக்கொள்வேன். ஒருநாள் கையில் ஊற்றினால் தண்ணீராக ஓடியது, நுரை வரவில்லை. தேன் போல் இருந்தது எப்படி ரசமாயிற்று? பிடரியில் பருப்பருவாக வந்திருந்ததை உஷ்ணக் கட்டி என்று சொல்லி வெந்தயம் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தேன்.

பழக்க தோஷத்தில் அந்த ஷாம்புவில் ஒரு மில்லியை ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் போடச் சொன்னேன். அப்படியே போட்டால் ஷாம்பு கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதப்பொருள் தட்டிலும் கிருமியை அடக்கிவைத்து நம்மை ஏமாற்றும். அதனால் பதப்பொருளை முடக்கும் திரவத்தில் கரைத்துவிட்டுத்தான் போட வேண்டும். இரண்டாம் நாள் தட்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது, எண்ணவே முடியவில்லை. திராட்சை அழுகுவது போல் ஓர் இனிப்பு வாடை. சூடோமோனாஸ் என்ற கிருமி. ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கு அந்த வாடை பெற்ற பிள்ளையின் குரல் மாதிரி, மறக்காது. பெரிய பாட்டிலில் எடுத்த ஷாம்புவின் தட்டில் ஒன்றுமே வளரவில்லை.

களக்காட்டான் | ஜூன் 9, காலை 6.50

நான் மூன்று வருடமாகத் தாமிரபரணித் தண்ணீரை ஐந்து லிட்டர் கேனில் தாம்பரத்துக்குக் கொண்டுபோகிறேன். வாடையே வந்ததில்லை. கேனைப் புளி போட்டுக் கழுவுவேன். மதினி அந்தத் தண்ணீரில்தான் அல்வா கிண்டுவாள்.

ரயில்பெட்டி | ஜூன் 9, காலை 7.30

அண்ணாச்சி, நான் கேட்டது ஷாம்பு பற்றி.

களக்காட்டான் | ஜூன் 9, காலை 7.34

தலைப்பில் குப்பி என்று மட்டும் பார்த்தேன். பரவாயில்லை, புளி நல்ல பொருள்.

ஆய்வகத்தான் | ஜூன் 9, இரவு 8.15

நேற்றுச் சொல்லாமல் விட்டது: ஷாம்புவுக்குள் கிருமி எப்படி வந்தது?

அருவியில் குளித்துக்கொண்டே (அங்கே சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று இப்போது தடை இருக்கிறது, நான் சொல்வது பழைய காலம்) குப்பியை அழுத்துகிறோம். ஷாம்பு வெளியே வருகிறது. கையைத் தளர்த்தினால் குப்பி பழைய உருவத்துக்குத் திரும்பக் காற்றை உறிஞ்சும். மூடியின் துளையைச் சுற்றி நிற்கும் தண்ணீரும் அந்தக் காற்றோடு உள்ளே போகும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்றிரண்டு துளி. குளியலறைக் குழாயடியிலும் இதே கதைதான். கையிலிருந்ததும் தண்ணீரிலிருந்ததும் இப்படி உள்ளே சேர்கின்றன. பெரிய பாட்டில் அலமாரியில் உலர்ந்து நிற்பதால் அதற்கு இந்த ஆபத்துக் குறைவு.

இப்படிச் சேர்ந்த பழையதன் மேல் புதியதை ஊற்றும்போது, தயிருக்குப் பிரை ஊற்றுவது போல் பழைய கிருமியைப் புதிய ஷாம்புவுக்குக் கொடுக்கிறோம். அமெரிக்காவில் ஒரு தொடக்கப் பள்ளியில் இப்படித் திறந்து ஊற்றிக்கொள்ளும் சோப்புப் பெட்டிகளைப் பரிசோதித்து 2011இல் ஆய்வு ஒன்று வெளிவந்தது. கெட்டுப்போன அந்தச் சோப்பில் கை கழுவியவர்களின் கையில், கழுவும் முன் இருந்ததைவிட அதிகக் கிருமி இருந்தது.

டவுன் வெயில் | ஜூன் 9, இரவு 10.00

ஒன்றிரண்டு துளித் தண்ணீரில் 60 மில்லி ஷாம்பு நீர்த்துவிடுமா? நம்பும்படி இல்லை.

ஆய்வகத்தான் | ஜூன் 11, காலை 11.20

நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். நான் சொல்ல வந்ததில் ஓட்டை இருக்கிறது.

பதப்பொருள் நீர்த்துப்போய் வலுவிழக்கிறது என்றே இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். கழுவி உதறிய குப்பியில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சுகிறது என்று பார்க்க மருமகளின் நகைத் தராசைக் கடன் வாங்கினேன். காய்ந்த குப்பி 14.2 கிராம். தண்ணீர் விட்டு, மூன்று முறை பலமாக உதறிய பிறகு 14.9. ஆக 0.7 கிராம், அதாவது பதினான்கு துளி. 60 மில்லியில் அது ஒரு சதவீதம் சொச்சம். நன்றாகக் கலந்துவிட்டால் அந்த ஒரு சதவீதத்தால் எந்தப் பதப்பொருளும் வலுவிழக்காது. டவுன் அண்ணாச்சி சொன்னது சரி.

சிக்கல் என்னவென்றால் அது கலப்பதில்லை. ஷாம்பு கெட்டியானது, கீழே நிற்கிறது. தண்ணீர் குப்பியின் கழுத்திலும் மூடியின் உள்பக்கத்திலும் மெல்லிய படலமாகத் தங்குகிறது. அந்தப் படலத்தில் பதப்பொருள் ஏறக்குறைய இல்லை, ஷாம்புவின் சத்து மட்டும் கொஞ்சம் கரைந்திருக்கிறது. கிருமிக்கு அது மூன்று வேளையும் விருந்து. பல மாதம் துளித்துளியாகச் சேர்ந்தால் நீர்ப்பும் கூடும், என் குப்பி ரசமானது அதனால். ஆனால் தொடக்கம் மூடியில்.

ஆய்வகத்தான் | ஜூன் 11, மாலை 5.45

மூடியைச் சொன்னதும் அலமாரியில் ஒளிந்திருந்த பழைய குப்பி ஒன்றை எடுத்தேன். தூக்கித் திறக்கும் மூடி. வெளியே பளிச்சென்று இருந்தது. உட்பக்கத்தில் துளைக்குக் கீழே மோதிர அளவில் ரப்பர் வளையம் ஒன்று செருகியிருப்பார்கள். புடவைக்குக் குத்தும் ஊக்கின் முனையால் அதை நெம்பி எடுத்தேன். வளையத்தின் மறுபுறம் முழுக்க இளஞ்சிவப்பும் பழுப்புமாக வழவழவென்று ஒரு பூச்சு. விரலில் பட்டால் பாசி மாதிரி வழுக்குகிறது. நாலு முறை கழுவிய குப்பி அது!

அந்த வழவழப்பு கிருமிகள் தாங்களே கட்டிக்கொள்ளும் கூடு. கொதிநீர், ஸ்பிரிட் இரண்டும் மேலே இருப்பவற்றைத்தான் பிடிக்கும், அடியில் உள்ளவை தப்பிவிடும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் தேய்ப்பு, பிறகு மருந்து. தேய்க்க முடியாத இடுக்குள்ள மூடி என்றால் தூக்கிப்போடுங்கள். ரயில்பெட்டி, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்: எந்தக் குப்பி என்பதைவிட எந்த மூடி என்று பார்த்து வாங்குங்கள். திருகித் திறப்பதாகவும் கழற்றி எடுக்க உள்ளே வேறு துண்டு இல்லாததாகவும் இருக்கட்டும். கழுத்தில் சிறுவிரல் போகும் அகலம் வேண்டும். பம்பு வைத்தது வேண்டாம், அந்தக் குழாயையும் சுருளையும் யாரும் கழுவுவதில்லை.

மருந்துக்கடைத் தம்பி | ஜூன் 12, இரவு 11.10

வண்ணாரப்பேட்டையில் கடை. ஆய்வகத்து அண்ணாச்சி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்பிரிட்டைப் பளிங்கு போலத் தெரியும் கெட்டியான கிரீம் டப்பாக்களில் ஊற்றாதீர்கள். சில அக்ரிலிக்கில் செய்தவை. ஸ்பிரிட் பட்டால் உள்ளே மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓடும், அந்த விரிசலே கிருமிக்கு இடமாகிவிடும். வாடிக்கையாளர் ஒருவர் உடைந்த டப்பாவோடு வந்து என்னிடம் சண்டை போட்டார்.

பெரிய பாட்டிலிலிருந்து மாற்றுவதற்கு ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்சைப் பலர் வாங்குகிறார்கள். ஒரு பொருளுக்கு ஒன்று, ஒருமுறை மட்டும். புனலைவிடச் சுத்தம், சிந்தாது.

கண்ணாடிக்காரி | ஜூன் 13, காலை 9.00

காண்டாக்ட் லென்ஸ் திரவத்தையும் இப்படிச் சின்னக் குப்பியில் மாற்றிக்கொள்ளலாமா? பெரிய பாட்டில் கைப்பையில் இடத்தை அடைக்கிறது. ஸ்பிரிட் விட்டுக் காயவைத்துத்தான் செய்கிறேன், ஒரு வருடமாக ஒன்றும் ஆகவில்லை.

ஆய்வகத்தான் | ஜூன் 13, காலை 9.12

வேண்டாம். இன்றே நிறுத்துங்கள்.

ஆய்வகத்தான் | ஜூன் 13, காலை 9.40

மேலே முகத்தில் அடித்தது போல் சொல்லிவிட்டேன், காரணத்தையும் சொல்கிறேன். ஷாம்பு தோலில் பட்டுக் கழுவப்படுகிறது, தோலுக்குத் தாங்கும் வலு உண்டு. லென்ஸ் திரவத்தைத் தொழிற்சாலையில் கிருமி நீக்கி அடைக்கிறார்கள். வீட்டில் ஸ்பிரிட் விட்ட குப்பி சுத்தமானது, ஆனால் கிருமியே இல்லாதது ஆகாது. அதோடு லென்ஸ் கருவிழி மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. மேலே நான் சொன்ன அதே சூடோமோனாஸ் கருவிழிக்குள் புகுந்தால் ஓரிரு நாளில் புண்ணாக்கி, பார்வையையே பறிக்கக்கூடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த ஒரு பொருளைப் பயணக் குப்பிக்கு மாற்றவே கூடாது என்று தனியாக எச்சரித்திருக்கிறது. கடையில் விற்கும் சின்ன பாட்டிலையே வாங்குங்கள். ஒரு வருடம் ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். பிடரியில் வெந்தயம் பூசிய நாளுக்கு முன்புவரை எனக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கண்ணாடிக்காரி | ஜூன் 13, பகல் 12.30

சரி அண்ணாச்சி. குப்பியைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

டவுன் வெயில் | ஜூன் 14, காலை 8.00

இவ்வளவு பாடும் வேண்டாம், பெட்டிக்கடையில் சாஷே தொங்குகிறதே? கிழித்தோம், தேய்த்தோம், முடிந்தது. நம் தமிழ்நாட்டுக்காரர், கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து விற்றுக் காட்டியதற்கு இதைவிட வேறு என்ன பயன்?

ரயில்பெட்டி | ஜூன் 14, காலை 8.20

கிழித்த சாஷே எல்லாம் எங்கே போகிறது? குறுக்குத்துறைப் படித்துறையில் போய்ப் பாருங்கள், கால் வைக்க இடமில்லை. அதற்காகத்தானே நான் குப்பிக்கு மாறினேன்.

ஆய்வகத்தான் | ஜூன் 14, இரவு 9.05

கிருமிக் கணக்கில் சாஷேயை எதுவும் அடிக்க முடியாது, ஆற்றுக் கணக்கில் ரயில்பெட்டி பக்கம்தான் நான். இதைத் தீர்த்துவைக்க என்னால் ஆகாது.

ஆய்வகத்தான் | ஜூன் 16, காலை 10.30

தராசு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது (மருமகள் இரண்டு முறை கேட்டுவிட்டாள்). கழுவிய குப்பியைக் கவிழ்த்து வைப்பதா, நிமிர்த்தி வைப்பதா என்று பார்த்தேன். ஒரே மாதிரி இரண்டு குப்பி, இரண்டிலும் 0.7 கிராம் தண்ணீர். ஒன்றை எவர்சில்வர் தட்டில் கவிழ்த்தே விட்டேன். மற்றதை ஒரு மணி நேரம் கவிழ்த்து வடியவிட்டுப் பிறகு நிமிர்த்தி, மூடியில்லாமல் விசிறிக்குக் கீழே வைத்தேன். மூன்றாம் நாள் காலை கவிழ்த்ததில் 0.5 கிராம் அப்படியே இருந்தது. நிமிர்த்தியது 14.2, சொட்டு இல்லை.

இத்தனை வருடமும் கவிழ்த்துத்தான் வைத்தேன். ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. கவிழ்த்த குப்பிக்குள் அது மேலே ஏறி நின்றுகொள்ளும், வாயும் தட்டில் ஒட்டியிருக்கும், அப்புறம் வெளியேற வழி ஏது?

இப்போது நான் செய்வது: ஊரிலிருந்து திரும்பியதும் மிச்சத்தைக் கொட்டிவிடுகிறேன், பெரிய பாட்டிலில் திருப்பி ஊற்றுவதே இல்லை. வெந்நீரும் பாத்திரச் சோப்பும் விட்டு, பால்புட்டி கழுவும் சின்னப் பிரஷால் குப்பியையும் மூடியின் மரையையும் தேய்க்கிறேன். வடியவிட்டு, 70 சதவீத ஸ்பிரிட் ஒரு தேக்கரண்டி விட்டு மூடி, ஒரு நிமிடம் எல்லாப் பக்கமும் நனையும்படி உருட்டி ஊற்றிவிடுகிறேன். மிஞ்சியிருக்கும் தண்ணீரையும் ஸ்பிரிட் இழுத்துக்கொண்டு போகிறது, காய்வது சீக்கிரம் ஆகிறது. பிறகு நிமிர்த்தி இரண்டு நாள். ஸ்பிரிட் வாடை துளியும் இல்லாமல் காய்ந்த பிறகுதான் நிரப்புவேன். ஒரு பயணத்துக்கு வேண்டியது மட்டும், பெரும்பாலும் 20 மில்லி. தாள் ஒட்டித் தேதி எழுதுகிறேன்.

மருந்துக்கடைத் தம்பி | ஜூன் 16, இரவு 10.50

காய்ந்த குப்பியில் ஊற்றிய ஷாம்பு மூன்று மாதம் தாங்கும் அண்ணாச்சி. ஒவ்வொரு பயணத்துக்கும் கொட்டுவது வீண்.

ஆய்வகத்தான் | ஜூன் 17, காலை 6.40

திறக்காமல் இருந்தால் தாங்கும், ஒத்துக்கொள்கிறேன். குளியலறையில் அழுத்திய குப்பியை ஒரு மாதத்துக்கு மேல் நான் நம்ப மாட்டேன். உங்கள் மூன்று மாதத்துக்கு என்னிடம் மறுப்பும் இல்லை, தட்டில் போட்டுப் பார்த்ததில்லை.

களக்காட்டான் | ஜூன் 17, காலை 7.15

தலைப்பை முழுதாகப் படித்துவிட்டேன். அம்மா ஊருக்குப் போகும்போது சீயக்காயைக் கரைத்தே பாட்டிலில் கொண்டுபோகிறார்கள். மறுநாள் மூடியைத் திறந்தால் சோடா மாதிரி சீறுகிறது. அதுவும் இதுதானா?

ஆய்வகத்தான் | ஜூன் 17, காலை 7.50

அதுவேதான். கரைத்த சீயக்காயில் பதப்பொருள் எதுவும் இல்லை, நம் ஊர்ச் சூட்டில் ஒரே ராத்திரியில் புளித்துவிடும். சீறுவது அந்தப் புளிப்பின் காற்று. காய்ந்த டப்பாவில் பொடியாகவே கொண்டுபோகச் சொல்லுங்கள், குளிக்கும் இடத்தில் கரைத்துக்கொள்ளட்டும். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான், தண்ணீர் படாதவரை கிருமி வளராது, நாள்பட்டால் சிக்கு வாடை மட்டும் வரும். ஈரக்கையை விடக்கூடாது. புளியை அல்வாக் கேனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரயில்பெட்டி | ஜூன் 29, இரவு 10.25

கோவில்பட்டி தாண்டியாயிற்று, மேல்படுக்கையிலிருந்து எழுதுகிறேன். திருகுமூடிக் குப்பி, அடியில் 5, இரண்டு வாங்கினேன். ஷாம்பு 20 மில்லி, தேதி ஒட்டியாயிற்று. ஜெல்லை விட்டுவிட்டுச் சோப்புத் துண்டு ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டேன். பழைய லோஷன் குப்பியின் மூடியிலும் ஊக்கால் நெம்பிப் பார்த்தேன். இளஞ்சிவப்பு இல்லை, கறுப்பு. அது என்ன?

ஆய்வகத்தான் | ஜூன் 30, காலை 6.05

பூஞ்சையாக இருக்கலாம். தட்டில் போடாமல் சொல்லக்கூடாது. மூடியைத் தூக்கிப்போடாமல் ஒரு உறையில் கட்டி அடுத்த முறை ஊருக்கு வரும்போது கொண்டுவாருங்கள். ஆய்வகத்தில் பழைய ஆள் ஒருவர் இன்னும் இருக்கிறார்.